கிராமச் சாலைக் கல்வெர்ட்: எத்தனை குழாய் என்பதற்கு முன்னால், தண்ணீர் எவ்வளவு ஏறலாம்?

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஒரு பஞ்சாயத்துச் சாலை. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சின்னப் பள்ளம். நம்ம பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். வருஷத்தில் பத்து மாசம் அதில் ஆடு மேயும். மீதி இரண்டு மாசத்தில் ஏதாவது ஒரு ராத்திரி சாலையை அறுத்துக்கொண்டு போய்விடும். அங்கே ஏற்கெனவே 900 மில்லிமீட்டர் ஹியூம் குழாய் இரண்டு கிடந்தன. மூன்றாவது முறை சாலை அறுந்தபோது "இன்னும் இரண்டு குழாய் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததில் அது தப்பு என்று தெரிந்தது. அந்தக் கணக்கைத்தான் முதலிலிருந்து கடைசி வரை, எண்களோடு இங்கே எழுதுகிறேன்.

கல்வெர்ட் என்றால் சாலைக்கு அடியில் தண்ணீர் போக விடும் வழி, மொத்தத் திறப்பு 6 மீட்டருக்குள் இருப்பது. அதைத் தாண்டினால் பாலம், அதற்கு விதிகள் வேறு. சின்னப் பாலங்களுக்கும் கல்வெர்ட்டுகளுக்கும் நாம் கையில் வைத்திருக்க வேண்டியது இந்தியச் சாலைக் காங்கிரஸின் IRC:SP:13. கீழே வரும் வெள்ளச் சூத்திரங்கள் பெரும்பாலும் அந்த வழியில் வருபவைதான்.

முதலில் டேப்பும் லெவல் கருவியும்

மேஜையில் உட்காருவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கப் பள்ளத்தில் நடந்துவிடுங்கள். நான் கல்வெர்ட் நுழைவாயில் இருக்கும் இடத்தில் பள்ளத்தின் தரையை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்தேன். சாலையின் தாழ்வான விளிம்பு 102.90. கல்வெர்ட்டின் நீளம், அதாவது தண்ணீர் போகும் திசையில், 9 மீட்டர். பள்ளத்தின் சரிவு 150-க்கு 1, ஆகவே வெளிவாயிலில் தரை 99.94.

அப்புறம் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு அளவு. சாலைக்கு மேல்பக்கம் சுமார் அறுபது மீட்டர் தள்ளி ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு, இருக்கிறது. அதன் திண்ணை மட்டம் 102.55. சாலை 102.90 என்பதால் வெள்ளம் சாலையைத் தொடுவதற்கு முன்னாலேயே சாளைக்குள் வந்துவிடும். எல்லோரும் சாலை அறுந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், சாளைக்காரப் பெரியவர் மட்டும் வேறு சொன்னார்: "ரோடு போனாப் போகுது தம்பி, மறுநா மண்ணக் கொட்டிக்குவீங்க. எங்க ஊட்டுக்குள்ள ரெண்டு தடவ தண்ணி வந்துருச்சுங்."

அவரிடமே வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டேன். அவர் காட்டிய முதல் அடையாளம் சாளைச் சுவரில் இருந்த கறை. ஆனால் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் அது பழைய இரண்டு குழாய் அடைத்து நிறுத்திய தண்ணீரின் மட்டம், பள்ளம் தானாக ஓடும்போது இருக்கும் மட்டம் இல்லை. பழைய கல்வெர்ட்டின் தேக்கம் எட்டாத ஒரு நேரான பகுதிக்குப் போக வேண்டும். நாங்கள் கீழ்ப்பக்கம் 150 மீட்டர் நடந்தோம். அங்கே கிளுவை வேலி ஒன்றில் சிக்கியிருந்த சருகையும், ஒரு முட்டுக்கல்லையும் அவர் காட்டினார். இரண்டும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து 1.50 மீட்டர். இரண்டு தனித்தனி அடையாளம் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

எவ்வளவு தண்ணீர் வரும்

நீர்ப்பிடிப்புப் பரப்பை நில அளவை வரைபடத்தில் மேட்டு வரப்புகளை இணைத்துக் குறித்தேன். 90 ஹெக்டேர் வந்தது, அதாவது 0.9 சதுர கிலோமீட்டர். இதில் ஒரு எச்சரிக்கை: இட்டேரி என்னும் வேலியோர வண்டித்தடங்களும் புதுத் தார்ச்சாலைகளும் வரைபடத்தில் காட்டாத வாய்க்கால்களாக வேலை செய்யும். பக்கத்துப் பள்ளத்துக்குப் போக வேண்டிய தண்ணீரை ஒரு இட்டேரி இங்கே கொண்டுவந்து விட்டுவிடும். மழை பெய்யும்போது ஒரு முறை சுற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பரப்பின் தொலைவான மூலையிலிருந்து கல்வெர்ட் வரை ஓடும் தூரம் 1.6 கிலோமீட்டர், உயர வித்தியாசம் 18 மீட்டர். அங்கே விழும் துளி இங்கே வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதுதான் அடுத்த கேள்வி.

```
tc = (0.87 L³ / H)^0.385
   = (0.87 × 1.6³ / 18)^0.385 = 0.536 மணி
```

சுமார் 32 நிமிடம். இந்த 32 நிமிடம்தான் மழையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இங்கேதான் பலரும் வழுக்கி விழுவது. நம்ம பக்கம் மழைமறைவுப் பகுதி, வருஷ மழையே குறைவு, அதனால் சின்னக் குழாய் போதும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. வருஷ மழை குறைவுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் குறைந்த மழையே ஒன்றிரண்டு நாளில் கொட்டும், அதிலும் முக்கால்வாசி ஒன்றிரண்டு மணி நேரத்தில் விழும். கல்வெர்ட்டுக்கு வருஷக் கணக்கு தெரியாது, அரை மணிக் கணக்குதான் தெரியும்.

25 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய 24 மணி நேர மழையாக இந்தக் கணக்கில் 160 மில்லிமீட்டர் எடுத்திருக்கிறேன். உங்கள் ஊருக்கு உரியதை வானிலைத் துறையின் சம மழைக்கோட்டு வரைபடத்தில் பார்த்து எடுங்கள், இந்த எண்ணை அப்படியே நகல் எடுக்காதீர்கள். இதை 24-ஆல் வகுத்து மணிக்கு 6.7 மில்லிமீட்டர் என்று ஒரு மதிப்பீட்டில் போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப் போட்டால் வெள்ளம் வினாடிக்கு ஒரு கனமீட்டர்கூட வராது. நாள் மழையைக் குறுகிய நேர மழையாக மாற்ற வேண்டும்:

```
i = (F/T) × (T+1)/(tc+1)
  = (160/24) × 25/1.536 = 108.5 மிமீ/மணி
```

அடுத்தது, விழுந்த மழையில் எவ்வளவு ஓடிவரும் என்ற ஓட்ட விகிதம். 90 ஹெக்டேரில் 20 ஹெக்டேர் கரடு, பாறையும் சுக்கானும், அதற்கு 0.70. தறிக்கூடம், வீடு, களம், தார் எல்லாம் சேர்ந்து 10 ஹெக்டேர், அதற்கும் 0.70. மீதி 60 ஹெக்டேர் செம்மண் காடும், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும். லேசாக உழுத செம்மண்ணுக்கு 0.40, நன்றாக உழுது பயிர் நிற்கும் நிலத்துக்கு 0.30 என்று கொள்வது வழக்கம். கொறங்காட்டு மண் ஆடு மாடு மிதித்து இறுகியது, அதனால் நான் 0.40 எடுத்தேன். மூன்றையும் பரப்பால் பெருக்கிக் கூட்டி 90-ஆல் வகுத்தால் சராசரி சரியாக 0.50.

```
Q = C i A / 360
  = 0.50 × 108.5 × 90 / 360 = 13.6 கனமீட்டர்/வினாடி
```

மொத்தப் பரப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு 0.30 போட்டிருந்தால் 8.1 தான் வந்திருக்கும். ஒரே ஒரு எண்ணில் வெள்ளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போகிறது. ஆகவே குறிப்பில் சராசரியை மட்டும் எழுதாமல் எந்தப் பரப்புக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள், சரிபார்ப்பவர் கை வைக்க வேண்டிய முதல் இடமே அதுதான்.

ஒரே சூத்திரத்தை நம்பக் கூடாது என்பதால் இன்னும் இரண்டு வழியில் பார்த்தேன். 1884-இல் சென்னை மாகாணத்துக்கென்று வந்த ரைவ்ஸ் சூத்திரம் இன்னும் நம்ம ஊர் மதிப்பீடுகளில் உயிரோடு இருக்கிறது. மலையடிவாரச் சின்னப் பரப்புக்குக் கெழு 10 என்று எடுத்தால் 10 × 0.9^(2/3), அதாவது 9.3. இது பரப்பை மட்டும் பார்க்கும், பாறையா காடா என்று பார்க்காது, அதனால் குறைவாக வந்ததில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது வழி பெரியவர் காட்டிய முட்டுக்கல். அந்த இடத்தில் பள்ளத்தின் அடி அகலம் 2.5 மீட்டர், கரைச் சரிவு 1.5-க்கு 1. ஆழம் 1.50 என்றால் ஓடும் குறுக்குப் பரப்பு 7.1 சதுர மீட்டர். மேனிங் சூத்திரத்தில் கரடுமுரடு எண் n 0.045, ஏனென்றால் சீமைக்கருவேலமும் நாணலும் முட்டியளவுக்கு நிற்கின்றன. வேகம் வினாடிக்கு 1.69 மீட்டர் வருகிறது, ஓட்டம் 12.1 கனமீட்டர். ஒரு சூத்திரம் 13.6 சொல்கிறது, பள்ளமே தன் வாயால் 12.1 சொல்கிறது. அந்த ராத்திரி வெள்ளம் 25 ஆண்டு வெள்ளத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்திருக்கும் என்றுதான் அர்த்தம்.

பல வழியில் வந்ததில் பெரியதை எடுப்பது வழக்கம், ஆனால் அது அடுத்த பெரிய எண்ணின் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் அங்கேயே வெட்டிவிட வேண்டும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. வடிவமைப்பு வெள்ளம் 13.6.

தண்ணீர் எவ்வளவு ஏறலாம்

கல்வெர்ட்டின் வாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் உயரத்தை ஹெட்வாட்டர் என்போம், நுழைவாயில் தரையிலிருந்து அளப்பது. ஒவ்வொரு கல்வெர்ட்டும் கொஞ்சம் தேக்கத்தான் செய்யும், அந்தத் தேக்கம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு வரை விடலாம் என்பதை நாம்தான் முதலில் முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். குழாயின் அளவு அதற்குப் பிறகுதான். தலைகீழாகச் செய்தால், அதாவது குழாயை முதலில் எடுத்துக்கொண்டு வந்தது வரட்டும் என்று விட்டால், அந்த "வந்தது" பெரியவர் வீட்டுக்குள் போகும்.

இங்கே இரண்டு வரம்பு. சாலை விளிம்பு 102.90, அதற்குக் கீழே அரை மீட்டர் வெறுமனே விட வேண்டும் என்றால் 102.40. சாளைத் திண்ணை 102.55, அதற்குக் கீழே 0.30 விட்டால் 102.25. தாழ்ந்ததுதான் ஆளும். ஆக ஹெட்வாட்டர் 2.25 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்னொரு பொதுவான கட்டுப்பாடும் வைத்துக்கொள்கிறேன்: ஹெட்வாட்டர் திறப்பின் உயரத்தைப் போல் 1.2 மடங்குக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் வாயில் சுழல் உண்டாகி, சாலைக் கரையின் மண்ணைச் சுரண்டும்.

கீழ்ப்பக்கம் என்ன நிற்கிறது

பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. கல்வெர்ட்டை விட்டு வெளியே வரும் தண்ணீர் காற்றில் விழுவதில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பள்ளத்தில் போய்ச் சேருகிறது. அந்தப் பள்ளம் 13.6 கனமீட்டரை எடுத்துக்கொண்டு போக எவ்வளவு ஆழம் வேண்டும் என்று அதே மேனிங் கணக்கில் பார்த்தால் 1.60 மீட்டர். இதுதான் டெயில்வாட்டர். மட்டமாகச் சொன்னால் 99.94 + 1.60 = 101.54.

கீழே ஒரு தடுப்பணை இருந்தால் இந்த எண் மாறலாம். நம்ம பக்கம் இப்போது பள்ளத்துக்குப் பள்ளம் தடுப்பணை. இங்கே 400 மீட்டர் தள்ளி ஒன்று இருக்கிறது, அது நிரம்பி வெள்ளம் வழியும்போது நீர் மட்டம் 99.68, கல்வெர்ட் தரையைவிடவே கீழே. அதனால் கவலையில்லை. அதே அணை 100 மீட்டரில் இருந்திருந்தால் பின்தேக்கத்தைப் படிப்படியாகக் கணக்கிடாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

இப்போது பார்த்தால் படம் தெளிவாகிறது. கீழே 101.54, மேலே போகக்கூடியது 102.25. இரண்டுக்கும் நடுவில் 71 சென்டிமீட்டர். 13.6 கனமீட்டரையும் தள்ளிவிட நம் கையில் இருக்கும் சக்தி மொத்தமே இந்த 71 சென்டிமீட்டர்தான்.

குழாய்கள் ஏன் தோற்றன

பழைய இரண்டு 900 குழாயும் டெயில்வாட்டருக்குள் முழுக்க முழுகிவிடும். முழுகிய குழாயில் சக்தி மூன்று இடத்தில் போகிறது: நுழையும்போது ஒரு பங்கு, உராய்வில் ஒரு பங்கு, வெளியே போகும் வேகத்தில் ஒரு பங்கு. மூன்றையும் சேர்த்தால் இந்தக் குழாய்க்கு வேகச் சக்தியின் 1.75 மடங்கு. 71 சென்டிமீட்டரில் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 2.8 மீட்டர், இரண்டு குழாயும் சேர்ந்து 3.6 கனமீட்டர். வருவது 13.6, போவது 3.6. மீதி எங்கே போகும்? முதலில் சாளைக்குள், அப்புறம் சாலை மேலே.

நான்கு 1200 குழாய் போட்டால்? மொத்தத் திறப்பு 4.52 சதுர மீட்டர், தேவையான வேகம் 3.0, இழப்புகளைக் கூட்டினால் 77 சென்டிமீட்டர். மட்டம் 102.31. வரம்பை ஆறு சென்டிமீட்டர்தானே தாண்டுகிறது என்று தோன்றும். ஆனால் தனியார் மதிப்பீடு ஒன்றில் இதே அமைப்புக்கு ஹெட்வாட்டர் 1.98 என்று எழுதி, "சரி" என்று கையெழுத்தும் ஆகியிருந்தது. அந்த 1.98 பொய் இல்லை. அது நுழைவாயிலை மட்டும் பார்த்து, நோமோகிராஃப் என்ற கணக்கு வரைபடத்தில் படித்த எண். வாய் அவ்வளவு தண்ணீரை விழுங்கும்தான், ஆனால் கீழே நிற்கும் தண்ணீர் வெளியே விடாது. இரண்டு கணக்கும் போட்டு எது பெரிதோ அதை எடுப்பதுதான் முறை. ஒன்றை மட்டும் போட்டால் பாதி நேரம் தப்பாகத்தான் வரும்.

கணக்கை விட்டாலும் குழாய்களுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. நான்கு குழாய்க்கு நடுவில் மூன்று சுவர் மாதிரி இடைவெளி. சீமைக்கருவேல முள் ஒரு கிளை வந்து குறுக்கே நின்றால் அடுத்த கிளை அதில் சிக்கும், அப்புறம் தென்னை மட்டை, அப்புறம் தீவனச் சாக்கு. அடைந்த பிறகு கணக்கெல்லாம் வீண்.

பெட்டி

சரி, ஒரே வாயாக 3 மீட்டர் அகலப் பெட்டிக் கல்வெர்ட். உயரத்தை முதலில் 2.0 என்று எடுத்தேன். தண்ணீர் உள்ளே கூரையைத் தொடாமல் திறந்த வாய்க்கால் மாதிரி ஓடும்போது கணக்கு மாறிவிடும். குழாய்க்குப் போட்ட முழு ஓட்டக் கணக்கை இங்கே போட்டால் தண்ணீர் மட்டம் குறைவாகக் காட்டும், ஏமாந்துவிடுவோம். எனவே வெளிவாயிலிலிருந்து சக்தியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே மேலே போனேன்.

வெளிவாயிலில் ஆழம் டெயில்வாட்டர் அளவே, 1.60. இதற்கு முன் ஒரு சோதனை: இந்த ஓட்டத்துக்கு நெருக்கடி ஆழம், அதாவது தண்ணீர் மிகக் குறைந்த சக்தியோடு ஓடும் ஆழம், 1.28 மீட்டர். டெயில்வாட்டர் அதைவிட அதிகம், ஆகவே கீழ்ப்பக்கம்தான் ஆளுகிறது என்பது உறுதி. வேகம் 13.6 / (3.0 × 1.60) = 2.83.

```
வெளிவாயில் நீர் மட்டம்       101.54
வேகச் சக்தி V²/2g           0.409
நுழைவு இழப்பு 0.4 × 0.409    0.164
உராய்வு, 9 மீட்டருக்கு         0.023
மேல்பக்க நீர் மட்டம்          102.14
```

வரம்பு 102.25, நமக்கு வந்தது 102.14. நுழைவாயிலை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் 102.06 வருகிறது, பெரியது 102.14 தான் நிற்கும். நுழைவு இழப்பு 0.4 என்பது சாய்வான இறக்கைச் சுவர் கட்டினால்தான், இதைக் குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும். கட்டும்போது செலவைக் குறைக்கிறேன் என்று நேர்ச் சுவரோடு விட்டுவிட்டால் இழப்பு கூடிவிடும்.

மட்டம் 102.14, கூரையின் அடி 102.00. தண்ணீர் வாயிலில் கூரையைத் தொடுகிறது. அங்கேதான் மட்டையும் கட்டையும் சிக்கும். உயரத்தை 2.25 ஆக்கினேன். இதில் கவனிக்க வேண்டியது, உயரத்தைக் கூட்டியதால் தண்ணீர் மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. அகலம் தண்ணீரை இறக்கும், உயரம் கட்டையைக் கடத்தும், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வேலை செய்யாது. கூரைப் பலகை 30 சென்டிமீட்டர் என்றால் மேல் மட்டம் 102.55, அதன் மேல் சாலைக்கு 35 சென்டிமீட்டர் இருக்கிறது, போதும்.

மோசமான ராத்திரியைச் சோதித்துப் பார்ப்பது

இரண்டு சோதனை செய்தேன். ஒன்று, வெள்ளம் 15 சதவீதம் கூடி 15.6 ஆனால் என்ன? டெயில்வாட்டரும் 1.70 ஆகிவிடும், அதை மறக்கக் கூடாது. மேல்பக்க மட்டம் 102.33. நாம் வைத்த வரம்பைத் தாண்டுகிறது, ஆனால் திண்ணைக்கு இன்னும் 22 சென்டிமீட்டர் கீழே. இதை ஏற்றுக்கொள்ளலாம், விட்டுவைத்த இடைவெளி இதற்குத்தானே.

இரண்டாவது, பெட்டியின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கை முள்ளும் மண்ணும் அடைத்துவிட்டால்? அகலம் 2.4 மீட்டர், வேகம் 3.54, மட்டம் 102.48. திண்ணைக்கு ஏழு சென்டிமீட்டர். இது எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் அகலத்தை 3.5 ஆக்கவில்லை. அதற்குப் பதிலாக மேல்பக்கம் 50 மீட்டருக்குப் பள்ளத்தில் இருக்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பதைக் கட்டுமான மதிப்பீட்டிலேயே சேர்த்தேன். இது என் தீர்ப்பு. அங்கே பராமரிப்புக்கு ஆளே கிடையாது என்று தெரிந்தால் 3.5 மீட்டர் போடுங்கள்.

வெளியே வரும் வேகம்

பள்ளத்தில் இயல்பான வேகம் 1.75, நம் பெட்டியிலிருந்து வருவது 2.83. இந்த வித்தியாசம் பள்ளத்தின் தரையைத் தோண்டும், குழி பின்னால் ஏறி வந்து பெட்டியின் அடியைச் சாப்பிடும். பல கல்வெர்ட்டுகள் வெள்ளம் மேலே ஏறிப் போனதால் விழுவதில்லை, இப்படித்தான் ஒரு வருஷம் சும்மா நின்றுவிட்டு அடுத்த வருஷம் கீழ்ப்பக்கமாகச் சாயும். கண்டுபிடிப்பது சுலபம், வெளிவாயிலில் ஆழமான குட்டை தேங்கி நின்று பையன்கள் அதில் மீன் பிடிக்கிறார்கள் என்றால் தோண்ட ஆரம்பித்துவிட்டது.

தடுப்புச் சுவர் கீழ்ப்பக்கம் 2.5 மீட்டர், மேல்பக்கம் 2.0 மீட்டர் ஆழத்துக்குப் போவது வழக்கம். நம்ம பக்கம் பாதிக்கு முன்னாலேயே பாறை தட்டிவிடும், கெட்டிப் பாறை என்றால் அதில் ஊன்றி நிறுத்திக்கொள்ளலாம், உதிரும் சுக்கான் என்றால் கடக்க வேண்டும். அதற்கப்பால் 5 மீட்டருக்குக் கல் அடுக்கு. கல்லின் அளவுக்கும் கணக்கு உண்டு: இந்த வேகத்தை எதிர்த்து நிற்க விட்டம் 33 சென்டிமீட்டர், எடை சுமார் 50 கிலோ. ஒரு ஆள் திணறித் தூக்கும் கல். ஜல்லியை லாரியில் கொட்டிவிட்டு "பிட்சிங் முடிந்தது" என்று எழுதினால் முதல் மழையிலேயே தடுப்பணைக்குப் போய்ச் சேரும்.

கட்டும்போது நின்று பார்க்க வேண்டியது ஒன்றுதான், தரை மட்டம். பழைய குழாய்களைப் பள்ளத்துத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே வைத்திருந்தார்கள், தோண்டும் வேலை மிச்சம் என்று. நம் கையில் இருப்பதே 71 சென்டிமீட்டர், அதில் வந்த 11 மிச்சமும் அதோடு போய்விடும். எனவே வரைபடத்தில் தரை மட்டத்தை ஆழமாக எழுதாமல் சாளைத் திண்ணையிலிருந்து 2.55 மீட்டர் கீழே என்று எழுதினேன். திண்ணை நகராது, யார் வேண்டுமானாலும் குழாய் லெவல் வைத்து அளந்துகொள்ளலாம்.

பெட்டி கட்டி முடிந்ததும் மேல்பக்க இறக்கைச் சுவரில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயின்ட்டில் போடச் சொன்னேன், 2.14-இல் ஒரு சிவப்புக் கோடு. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காலையில் போன் செய்தார்: "பதிமூணாவது கோடு வரைக்குந்தான் வந்துதுங் தம்பி." கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், வினாடிக்கு ஆறு கனமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பழைய குழாய்களாக இருந்திருந்தால் அன்றைக்கும் சாளைக்குள் தண்ணீர் வந்திருக்கும்.